ஒரே விஷயத்துக்கு இரண்டு நோட்டீஸ்

வரி அதிகாரிகளுக்குப் பதில் எழுதியே பேர் வாங்கியவர் அந்த ஆடிட்டர். தன் வாடிக்கையாளரான மரக்கடைக்காரருக்கு ஓர் அதிகாரி ஏற்கெனவே நோட்டீஸ் அனுப்பிய அதே ஆண்டின் அதே கணக்கு வித்தியாசத்துக்கு இன்னொரு அதிகாரியும் நோட்டீஸ் அனுப்பியதும் அவருக்கு ரத்தம் கொதித்தது. முதல் நோட்டீஸின் நகலை இணைத்து, "முதல் அதிகாரிக்குப் பதில் கொடுத்தாயிற்று, இதைக் கைவிடவும்" என்று சுடச்சுட எழுதினார்.

இரண்டு நாள் கழித்து, மரக்கடைக்காரர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே அந்த இரண்டாவது அதிகாரி ஃபோன் செய்தார். ஆடிட்டர் பெருமையாக ஸ்பீக்கரில் போட்டார். "நீங்க சொல்றது நியாயம்தான் சார். முதல் பதில் போட்டதுக்கான ஒப்புகையை மட்டும் அனுப்புங்க, இதை முடிச்சுடறேன்."

ஆடிட்டர் கம்ப்யூட்டரில் தேடினார். முதல் நோட்டீஸுக்கான பதில் இருந்தது, அனுப்பப்படாமலே. கெடுவோ போன மாதமே முடிந்திருந்தது. அவருக்குக் காதெல்லாம் சுட்டது.

அதிகாரி இறங்கி வந்ததை மட்டுமே கேட்ட மரக்கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். "நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டீங்க சார்!"