பெயரை எடுத்துவிடுங்கள்

சில வருடங்கள் ஓர் ஆய்விதழின் மதிப்பீட்டாளர் குழுவில் இருந்தேன். சம்பளம் கிடையாது. எழுதியவர் யாரென்று தெரியாத கட்டுரை மின்னஞ்சலில் வரும். மூன்று வாரத்துக்குள் படித்து, குறை நிறை எழுதி, வெளியிடலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். நான் சொன்ன நாளில் முடித்துவிடுவேன். அதுதான் வினை. நாளைக் கடத்துகிறவர்களை யாரும் கேட்பதில்லை. முடித்துக் கொடுப்பவள் தலையில் அடுத்ததையும் கட்டுவார்கள். போதாததற்கு, போன தடவை நான் திருத்தச் சொன்ன கட்டுரையும் திருத்தப்பட்டு என்னிடமே திரும்பி வரும்.

கல்லூரியில் வகுப்பு, விடைத்தாள், தரமதிப்பீட்டுக்கான கோப்புகள் என்று ஏற்கெனவே கழுத்து வரை வேலை. இதற்கு நடுவில் என்னிடம் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கும் ஓர் அம்மா. அரசுப் பள்ளி ஆசிரியை, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும் பெண்களைப் பற்றி ஆய்வு. நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது, இந்தப் பருவத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்தாகிவிடும்.

ஒருநாள் துறை அறைக்கு வந்து, கடைசி இயலைப் பார்த்தீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பார்க்கவில்லை என்றேன்.

"பரவால்ல மேடம், நீங்க பிஸியா இருப்பீங்க. மெதுவா பாருங்க."

மெதுவாகவா? பதிவு போனால் இத்தனை வருட உழைப்பும் அம்போ. பையைத் திறந்தேன். அவருடைய இயல் கிளிப் கழற்றாமல் அப்படியே கிடந்தது. அதன்மேல் யாரோ முகம் தெரியாதவர் எழுதிய கட்டுரை, வரிக்கு வரி என் கையெழுத்தோடு. அந்த இதழுக்கு நினைவூட்டல் அனுப்ப இயந்திரம் இருக்கிறது. இந்த அம்மாவுக்கு வாயைத் திறக்கவே கூச்சம். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மாலையே இதழாசிரியருக்கு எழுதினேன். பணிச்சுமை காரணமாக விலகுகிறேன், கையிலிருக்கும் ஒன்றை முடித்து அனுப்பிவிடுகிறேன், இனி எதுவும் வேண்டாம், குழுப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதி, அதையும் அழித்தேன்.

மறுநாளே சென்னையிலிருந்து கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் விடமாட்டார். உங்களைப் போல யார் படிக்கிறார்கள் என்றார். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பழமொழி வேறு.

"என் புள்ள தானா வளரல சார். பையிலயே கெடக்குது" என்றேன்.

அவர் வேறு வழியாக வந்தார்.

"சரி மேடம், வேலை வேணாம். பேரு மட்டும் இருக்கட்டும். இதழுக்கும் மரியாதை, உங்க பதவி உயர்வுக்கும் உதவும்."

படிக்காத கட்டுரைக்குப் படித்தவளாக என் பெயர் நிற்க வேண்டுமாம். பதவி உயர்வு வரும்போது வரட்டும், பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். சரி சரி என்றார்.

கையிலிருந்ததை முடித்து அனுப்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவை மூலக்குளத்தில் என் வீட்டுக்கே வரச் சொன்னேன். சாப்பாட்டு மேசை முழுக்க அவருடைய பக்கங்கள். ஏலத்தில் விலை கேட்கும் பெண்ணின் பேச்சை அப்படியே பிடித்திருந்தார். படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. நடுவில் கைபேசி ஒலித்தது. அதே இதழிலிருந்து மின்னஞ்சல். புதிய கட்டுரை, மதிப்பிட அழைப்பு. இணையதளத்தைத் திறந்து பார்த்தால் என் பெயர் குத்துக்கல்லாட்டம் அங்கேயே இருக்கிறது.

"அவசரம்னா அத பாருங்க மேடம். நான் நாளைக்கி வரேன்" என்று அந்த அம்மா தாள்களைச் சேர்க்க ஆரம்பித்தார்.

"வெச்சிட்டு உக்காருங்க" என்றேன்.

மறுக்கிறேன் என்பதை அழுத்தினேன். மறுத்தால் அந்தத் தளம் சும்மா விடாது. காரணம் கேட்கும், உங்களுக்குப் பதில் இதைப் படிக்கத் தகுந்தவர் யார் என்றும் கேட்கும். காரணம்: விலகிவிட்டேன். தகுந்தவர் என்ற இடத்தில் இதழாசிரியரின் பெயர், பதவி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் பிழையில்லாமல் அடித்து அனுப்பினேன். எட்டிப் பார்த்த அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சாயங்காலம் இதழாசிரியர் கூப்பிட்டார். குரலில் சிரிப்பு இல்லை.

"என்ன மேடம், என் பேரயே போட்டுட்டீங்க?"

"பேரு மட்டும்தான சார் போட்டேன்."

மறுநாள் பட்டியலில் என் பெயர் இல்லை. அந்த அம்மா கெடுவுக்கு முன்பே ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டார்.