அதிகமாக ஓட்டிய இரண்டாயிரம் கிலோமீட்டர்

பிள்ளைகளா, நம்ம ஆட்டோவுக்குப் புது டயர் மாட்டும் அன்றே மீட்டர் எண்ணை மட்கார்டின் உள்பக்கம் பெயிண்டால் எழுதிவைப்பேன். டயர் விலை ஆயிரத்து அறுநூறு. பதினாறாயிரம் கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்குப் பத்து பைசா. போன வருடம் பின்டயர் ஒன்று அந்தத் தூரத்தைத் தொட்டபோது வழுவழுவென்று தேய்ந்திருந்தது. இன்னும் இரண்டாயிரம் ஓட்டினால் ஒன்பது பைசாவுக்குக் கீழே வருமே என்று கழற்றாமல் விட்டேன். உங்களையும் தெருப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டுதான் அதை ஓட்டினேன்.

பிறகு பேட்டையில் பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணாச்சி டயரை வெளிச்சத்தில் திருப்பினார்.

“என்னவே, உள்நூலு பல்லைக் காட்டுது. இது மேல ரப்பர் நிக்காது.”

“கணக்குப் போட்டுத்தான் ஓட்டுனேன் அண்ணாச்சி.”

“நல்லாப் போட்டீரு! பதினாறாயிரத்துல கொண்டாந்திருந்தா ஐநூறு ரூவாய்ல இன்னும் பன்னெண்டாயிரம் ஓடியிருக்கும். ரெண்டையும் சேத்து வகுத்துப் பாரும்வே.”

இரண்டாயிரத்து நூறை இருபத்தெட்டாயிரத்தால் வகுத்தேன். ஏழரை பைசாதான் வந்தது.

“பைய ஓட்டுதேன், எப்படியாச்சும் ஒட்டித் தாங்க” என்று கெஞ்சினேன்.

“வண்டியில யாரை ஏத்துதீரு?”

பள்ளிக்கூடப் பிள்ளைகளை என்றேன். அவர் டயரைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

புது டயர் வாங்கும்வரை மூன்று நாள் உங்களை பஸ்ஸில் அனுப்பினேன். வண்டியில் சின்ன வேலை இருக்கிறது என்று சொன்னது பொய். இப்போது மட்கார்டில் இரண்டு எண்கள் இருக்கின்றன, மாட்டிய எண்ணும் கழற்ற வேண்டிய எண்ணும். ஏறும்போது நீங்களும் மீட்டரைப் பாருங்கள். தாண்டியிருந்தால் ஏறாதீர்கள்.