நம்பரோடு விற்ற கார்

தொண்ணூற்றாறாம் ஆண்டு கோடையில் ரொறன்ரோ பொலிஸ் முழுவதும் தன்னைத்தான் தேடித் திரிந்தது என்று யோகராணி சொல்வாள். ஹெலிகொப்ரரும் வந்ததாம். கேட்பவர் புருவத்தைக் கொஞ்சம் தூக்கினால், "சரி, ஹெலிகொப்ரரை விடுங்கோ" என்பாள். இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தால் பொலிசையும் விட்டுவிடுவாள். கடைசியில் மிஞ்சுவது, நிறுத்தக் கூடாத இடத்தில் காரை நிறுத்தியதற்குத் தபாலில் வந்த சில தண்ட ரிக்கற்றுகள். அந்தக் காரையும் அவள் எப்போதோ விற்றுவிட்டாள்.

ஊரில் இருபது வருடம் பூமிசாத்திரம் படிப்பித்தவள். ஆர்ட்டிக் வட்டம் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கோடு கீறுவாள். ரொறன்ரோவுக்கு வந்து, ஒஷாவாவுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் மூடிகளை எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பற்றிக் கேட்டால், "உற்பத்தித் துறையில இருக்கிறன்" என்பாள். விடியக் காலையில் அந்தப் பக்கம் பஸ் இல்லை. மல்வேர்னில் இருந்து அவள்தான் கார் ஓட்டுவாள். கூட வேலை செய்யும் வேரோனிக்காவும் கோணேஸ்வரியும் அதில் ஏறிக்கொள்வார்கள். கார் போனால் மூன்று பேருக்கும் வேலை. போகாவிட்டால் மூன்று பேருக்கும் இல்லை. பிந்தி வருபவர்கள் இனி வரவே வேண்டாம் என்று மேற்பார்வையாளன் சொல்லியிருந்தான்.

இந்தக் கார் புதிது. புதிது என்றால் யோகராணிக்குப் புதிது. இதற்கு முன் ஒரு வெள்ளைக் கொரோலா வைத்திருந்தாள். பனிக்காகத் தெருவில் கொட்டும் உப்பு தின்ற கதவு, மழைக்கு ஒழுகும் கூரை, வலப்பக்கம் இழுக்கும் பிரேக். அதைக் குலசிங்கம் என்ற பொடியன் வாங்கினான். வோபர்ன் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறவன். அவள் ஓனர்ஷிப் தாளின் பின்பக்கத்தில் கையெழுத்து வைத்து, தாளை முழுசாக அவன் கையில் கொடுத்தாள். அவன் பிளேட்டும் நம்பருமாகக் காரைக் கொண்டு போனான். ஊரில் அப்படித்தான். வாகனத்துக்கு நம்பர் என்பது பிறந்த நட்சத்திரம் மாதிரி. கை எத்தனை மாறினாலும் நம்பர் மாறாது.

புதுக் காரை விற்ற கடைக்காரனே அதற்குப் புதுப் பிளேட் எடுத்துப் பூட்டிக் கொடுத்தான். புதுக் காருக்குப் புது நம்பர், பழைய காருக்குப் பழைய நம்பர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பிறகுதான் பழைய நம்பருக்குத் தண்டக் கடிதங்கள் வரத் தொடங்கின. முதலாவது வந்தபோது அவள் சிரித்தாள். இரண்டாவதுக்குப் பேனையை எடுத்தாள். தண்டப்பணப் பகுதியின் அதிகாரிக்கு, மேற்படி வாகனத்துக்கும் தனக்கும் இருந்த பந்தம் முற்றாக அறுந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் மூன்று பக்கம். சாட்சிக்குப் புதுக் காருக்குப் பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்கும் தன் படத்தையும் உள்ளே வைத்தாள்.

"கார் வித்த பேப்பர் ஒண்டும் வைக்கேல்லையோ?" என்று கேட்டார் அவளுடைய புருஷன் நவரட்ணம்.

"படத்தைப் பாத்தால் விளங்காதோ?"

"விளங்கும். நீ கூலிங் கிளாஸ் போடுறனி எண்டு விளங்கும். உந்தக் கடிதம் எழுதுற வேலையை விட்டிட்டு ஒருக்கால் கந்தோருக்குப் போ."

"நான் செய்யாத குற்றத்துக்கு நான் ஏனப்பா போவான்?"

அந்தக் கேள்வி அவளுக்கே பிடித்துப்போனது. அதற்குப் பிறகு வந்த உறைகளின் மேல் "கார் விற்றாயிற்று" என்று சிவப்பு மையால் எழுதி, வந்த வழியே திருப்பி அனுப்பினாள். வழக்குப் பேச விரும்பினால் இத்தனை நாளுக்குள் அறிவியுங்கள் என்று அவற்றுக்குள் எழுதியிருந்ததை அவள் வாசிக்கவில்லை. மற்றவர்களுடைய கடிதத்தை வாசிப்பது அழகல்ல என்று நினைத்தாளாம்.

ஒன்ராறியோவில் பிளேட்டில் ஒட்டும் அனுமதி ஸ்ரிக்கர் சொந்தக்காரரின் பிறந்தநாளோடு காலாவதியாகும்; புதுப்பிக்காமல் காரைத் தெருவில் ஓட்ட முடியாது. யோகராணிக்கு வெள்ளிக்கிழமை பிறந்தநாள். வேலை முடிந்து வியாழக்கிழமை பின்னேரம் லைசன்ஸ் கந்தோருக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் எதையோ தட்டிப் பார்த்தாள். பிறகு யோகராணியைப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

"உங்களுக்கு ஸ்ரிக்கர் தர முடியாது. கட்டாத பார்க்கிங் தண்டம் இருக்கிறது."

"அது பழைய கார். அதை விற்றுவிட்டேன்."

"காரை விற்றீர்கள். பிளேட்டை?"

"பிளேட் காரில்தானே இருக்கும்?"

அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். ஊரில் பாடம் ஏறாத பிள்ளைகளைப் பார்த்துத் தான் விட்ட பெருமூச்சு அப்படியே திரும்பி வந்ததாக யோகராணி பிற்பாடு சொன்னாள். பிறகு அந்தப் பெண் மெதுவாக விளங்கப்படுத்தினாள். இந்த மாகாணத்தில் பிளேட் காருக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். விற்கிறபோது கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும். ஓனர்ஷிப் தாளில் இரண்டு துண்டு இருக்கிறது. காருக்குரிய துண்டில் கையெழுத்து வைத்து வாங்குகிறவருக்குக் கொடுக்க வேண்டும், பிளேட்டுக்குரிய துண்டைத் தான் வைத்துக்கொள்ள வேண்டும். கார் விற்றாயிற்று என்று ஆறு நாளுக்குள் இங்கே அறிவிக்கவும் வேண்டும். பார்க்கிங் ரிக்கற் பிளேட்டின் சொந்தக்காரரைத் தேடித்தான் வரும். பதில் சொல்லாவிட்டால் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிடும். பிறகு அந்த ஆளின் எந்த வண்டிக்கும் ஸ்ரிக்கர் இல்லை.

"கணினியில் அந்தக் கொரோலா இன்னும் உங்கள் பெயரில்தான் நிற்கிறது" என்றாள். "வாங்கியவர் மாற்றவே இல்லை. நாளைக்கு அது யாரையாவது இடித்தாலும் பொலிஸ் முதலில் உங்கள் கதவைத்தான் தட்டும்."

"இப்ப நான் என்ன செய்ய?" யோகராணியை அறியாமல் தமிழில் வந்துவிட்டது. ஆனாலும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவளுக்கு விளங்கியது. பிளேட்டைத் திரும்பக் கொண்டு வரவேண்டும். என்றைக்கு விற்றதென்று திகதி போட்டு இருவரும் கையெழுத்து வைத்த தாள் வேண்டும். தண்டத்தை யாராவது கட்டவேண்டும். அதற்குப் பிறகு ஸ்ரிக்கர்.

குலசிங்கத்தின் தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. ஆனால் கந்தோர்ப் பெண் அச்சடித்துக் கொடுத்த தாளில் எல்லா ரிக்கற்றுக்கும் இடம் ஒன்றே. வோபர்னில் ஒரே தெரு, தெருவின் ஒரே பக்கம். பூமிசாத்திர ரீச்சருக்கு அது போதாதா? மறுநாள் வேலை முடிந்ததும் காரை நேரே அங்கே விட்டாள். கோணேஸ்வரிக்கு அன்று லீவு. வேரோனிக்கா மட்டும் பக்கத்தில் இருந்தாள்.

"எங்கை ரீச்சர் போறம்?"

"வேவு பாக்க."

வேவு பார்க்க அதிகம் இருக்கவில்லை. சாப்பாட்டுக் கடை வாசலில், தீயணைக்கும் தண்ணிக் குழாயை முட்டிக்கொண்டு, வெள்ளைக் கொரோலா நின்றது. அவள் பூசிய சந்தனத்தின் தடம் இன்னும் பிளேட்டின் மூலையில் இருந்தது. கண்ணாடியில் புத்தம் புது மஞ்சள் ரிக்கற் ஒன்று.

"பிறந்தநாள் வாழ்த்து வந்திருக்கு, ரீச்சர்" என்றாள் வேரோனிக்கா.

குலசிங்கம் மாப் படிந்த கையோடு வெளியே ஓடி வந்தான். யோகராணியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "ரீச்சர்! வாங்கோ வாங்கோ, ரோல்ஸ் சுடச்சுடக் கிடக்கு."

"ரோல்ஸ் கிடக்கட்டும். உந்தக் காரை ஏனடா உன்ரை பெயருக்கு மாத்தேல்லை?"

"சேஃப்ரிச் சோதினை பாஸாகேல்லை ரீச்சர். பிரேக் சரியில்லையாம். அடுத்த கிழமை, அடுத்த கிழமை எண்டு..."

"ரிக்கற்?"

"அது கட்டாமல் விட்டும் எனக்கு ஒண்டும் வரேல்லை. பிழையாய் எழுதிப்போட்டாங்களாக்கும் எண்டு விட்டிட்டன்."

"எனக்கு வந்தது! எல்லாம் எனக்குத்தான் வந்தது! ஸ்ரிக்கர் இல்லை. திங்கக்கிழமை நாங்கள் மூண்டு பேரும் ஒஷாவாவுக்கு நடந்தோ போறது?"

அவன் முகத்தில் இருந்த மலர்ச்சி அப்படியே உள்ளே போனது. கடைக்குள் போனான். கல்லாவில் இருந்த முதலாளியிடம் சம்பள முன்பணம் கேட்கும் குரல் வெளியே கேட்டது. திரும்பி வரும்போது ஒரு கையில் ஸ்குரூ டிரைவர், மறு கையில் ஓனர்ஷிப் தாள். இரண்டு துண்டும் ஒன்றாகவே இருந்தன. காரைக் கடைக்குப் பின்னால் தள்ளி விட்டுப் பிளேட்டைக் கழற்றினான். பிரேக் திருத்தி, பரிசோதனைச் சான்றிதழும் இன்சூரன்சும் எடுத்து, சொந்தப் பிளேட் பூட்டும்வரை அது தெருவுக்கு வராது.

கந்தோர் பூட்டுவதற்குள் மூவரும் போய்ச் சேர்ந்தார்கள். யோகராணி பழைய பிளேட்டை ஒப்படைத்தாள், கார் விற்றதை விற்ற திகதியோடு பதிந்தாள். குலசிங்கம் தண்டத்தைக் கட்டினான். இனிப் பெயர் மாற்ற வேண்டியது அவன் வேலை என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அவனுக்கும் ஒரு பாடம் எடுத்தாள். பிறகு ஸ்ரிக்கரை நீட்டி, யோகராணிக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னாள்.

திங்கட்கிழமை விடிய, கார் மூன்று பேரோடும் மல்வேர்னில் இருந்து புறப்பட்டது. சுற்றிக்கொண்டு வோபர்னில் நின்றபோது நாலாவது ஆள் ஏறினான். கார் இல்லாத குலசிங்கத்துக்குப் பின்னேரச் சமையல் வேலையோடு இன்னொன்றும் பார்த்து, பிரேக் திருத்தக் காசு சேர்க்க வேண்டியிருந்தது. தொழிற்சாலையில் மூடி எண்ண ஆள் வேண்டும் என்று யோகராணிதான் சொல்லியிருந்தாள். பின்சீற்றில், மடியில் ரோல்ஸ் பொட்டலத்தோடு அடக்கமாக இருந்தான்.

வெள்ளிக்கிழமை லீவில் நின்ற கோணேஸ்வரி, "என்னக்கா நடந்தது?" என்று கேட்டாள். அவ்வளவுதான். ஹெலிகொப்ரர் கிளம்பியது.

"ரொறன்ரோப் பொலிஸ் முழுக்க என்னைத் தேடுது, கோணேஸ். நான் மனந் தளரேல்லை. எல்லாம் உந்தப் பிளேட்டால வந்தது. அண்டைக்கு உவன் எவ்வளவு அவசரத்தில வந்தவன் தெரியுமோ? பிளேட்டைக் கழட்டித் தாடா எண்டு கேக்க எனக்கு வாயே எழும்பேல்லை, அதுக்குள்ள காரை எடுத்துக்கொண்டு பறந்திட்டான்."

வேரோனிக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னால் பொட்டலம் சரசரத்தது.

"இல்லை ரீச்சர்" என்றான் குலசிங்கம், மெதுவாக, வகுப்பில் எழும்பி நிற்கிறவனைப் போல. "நான் அண்டைக்கும் ஸ்குரூ டிரைவரோடைதான் வந்தனான். ஒரு ஆணி கழட்டியும் போட்டன். நீங்கள்தான் கையில தட்டி, 'நம்பர் இல்லாமல் கார் குடுக்கிறது, தாலி கட்டாமல் பொம்பிளையை அனுப்பிற மாதிரியடா' எண்டு சொல்லி, அந்த ஆணியைத் திருப்பிப் பூட்டினனீங்கள்."