பென்சில் புள்ளி வைத்த இடங்களில் கௌரவ்வாவின் கையெழுத்து

கதக் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கானாவளி என்கிற சாப்பாட்டுக்கடை நடத்தும் கௌரவ்வாவுக்கு ஆட்களைத் தட்டிலேயே எடைபோடத் தெரியும். கணக்காய் இரண்டு ரொட்டி கேட்டு எழுந்து போகிறவன் ஒரு ரகம். மூன்றாவதைப் பாதி தின்றுவிட்டு, "உப்பு கம்மி" என்று காசைக் குறைக்கப் பார்க்கிறவன் இன்னொரு ரகம். அவள் கொழுந்தன் கங்காதரன் ஐந்து ரொட்டி தின்பான், ஏப்பம் விடுவான், காசைப் பற்றி வாயைத் திறக்கமாட்டான். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்.

கணவன் செத்துப் பதினோரு வருஷமாக இருபத்திரண்டு பேருக்குச் சோள ரொட்டி தட்டித்தான் இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாள். தன் பெயரில் ஒரு பாலிசியும் போட்டாள். அரை வருஷத்துக்கு ஒருமுறை பதினாலாயிரத்து இருநூற்று எண்பது ரூபாய்.

போன வருஷம் கங்காதரன், "அண்ணி, ஒரு கையெழுத்து போடுங்க, இனிமே பேங்க்கே தானா கட்டிடும்" என்று ஒரு படிவத்தை வாங்கிப் போனான். பிறகு அதை மறந்தும் போனான். ஜனவரி இருபத்தைந்தாம் தேதி, பழைய வழக்கப்படி, அவள் போனை வாங்கி ரொட்டிக்கு நடுவில் பிரீமியத்தைக் கட்டினான். இருபத்தெட்டாம் தேதி வங்கி தன் பங்குக்கு அதே தொகையை எடுத்துக்கொண்டது.

அது பிப்ரவரிக்கு ஒதுக்கியிருந்த பணம். வெள்ளைச் சோளம் களத்திலிருந்து மண்டிக்கு வருகிற பத்துப் பதினைந்து நாளில் வாங்கிப் போட்டால்தான் வருஷம் முழுக்கக் கட்டுப்படியாகும். விட்டால் சில்லறை விலையில் வாங்கி, தினம் கொஞ்சம் கொஞ்சமாய் நஷ்டப்பட வேண்டும்.

"எங்கேயும் போயிடாது அண்ணி. ஆபீஸ்லதான் கிடக்கும்."

"கிடக்கிறதுக்கு அது என்ன உன் அத்தை வீட்டுப் பூனையா? எடுத்துட்டு வா."

மறுநாள் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தான். பணத்தைத் திருப்பிக் கேட்கும் மனு என்றான். பென்சில் புள்ளி வைத்த இடமெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். மாவு பிசைந்த கை. வாசிக்க நேரமில்லை.

ஒரு வாரம் ஆகியும் சத்தமில்லை. இனி இவனை நம்பினால் நமக்குத்தான் கேவலம் என்று ஜெராக்ஸ் கடையில் தன் மனுவைத் தானே எழுத வைத்தாள். இரண்டு தொகையும் கழிந்த வரிகளுக்கு அடிக்கோடு போட்ட வங்கி ஸ்டேட்மெண்ட், போனில் கட்டியதற்கு ஒரு ரசீது, வங்கி கட்டியதற்கு ஒரு ரசீது, கோடு கிழித்த காசோலை, ஆதார் நகல். எல்லாவற்றையும் குத்தி எடுத்துக்கொண்டு இன்ஷூரன்ஸ் கிளை அலுவலகத்துக்குப் போனாள்.

கவுண்டரில் இருந்த ஹேமலதா ஹிரேகௌடர் திரையைப் பார்த்தாள். "இரண்டும் ஒரே தவணைக்குத்தான் வந்திருக்கு. ஒண்ணு அதிகம், சரி. ஆனா நீங்கதானே இதைப் புதுப் பாலிசிக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கீங்க?"

"நானா?"

உள்ளேயிருந்து வந்த படிவத்தில் புது பாலிசி, முதல் பிரீமியம், கீழே ஏஜெண்ட் கங்காதரன் என்று இருந்தது. ஒவ்வொரு பென்சில் புள்ளியின் மேலும் அவளுடைய அழகான கையெழுத்து.

கமிஷன்! தின்ற ஐந்து ரொட்டி போதாதென்று.

"கையெழுத்து என்னுதுதான்மா. புத்திதான் என்னுதில்லை. அன்னிக்கு அவன்கிட்ட கடன் வாங்கியிருந்தேன் போல."

ஹேமலதா சிரிப்பை அடக்கினாள். "இன்னும் ஏத்துக்கலை, மெடிக்கல் டெஸ்ட் பாக்கி இருக்கு. வேண்டாம்னு எழுதிக் கொடுங்க. இல்லேன்னா ஜூலை தவணைக்கு வரவு வெச்சுக்கலாமே? பலபேர் அப்படித்தான் செய்றாங்க."

"ஜூலையில மண்டியில சோளம் இருக்குமா?"

புதுப் பாலிசி வேண்டாம், அடுத்த தவணைக்கும் வேண்டாம், என் கணக்குக்கே வேண்டும் என்று எழுதினாள். கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.

மதியம் கங்காதரன் வந்து உட்கார்ந்தான்.

"உங்க நல்லதுக்குத்தான் அண்ணி. பிற்காலத்துக்கு ஒரு சேமிப்பு..."

"யார் பிற்காலத்துக்கு?" தட்டை வைக்காமலே கேட்டாள். "பொய் சொல்றவனைக்கூடப் பொறுத்துக்கலாம்டா. வேலையைச் சரியா செய்யத் தெரியாதவன் திருட வேற வர்றான் பாரு, அதுதான் சகிக்கலை. தானா கட்ட நீயே எழுதி வாங்கி, நீயே மறந்து ரெண்டு தரம் கட்டி, அதுலயும் லாபம் பார்த்தியே!"

பக்கத்து மேசை மில்காரர்கள் ரொட்டியை வாயில் வைத்தபடி அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு முகம் சிவக்கக்கூட இல்லை. "கத்தரிக்காய் இருக்கா?" என்றான்.

"இருக்கு. சாப்பாடு எண்பது ரூபாய். முதல்ல வை."

பன்னிரண்டாம் நாள் பணம் கணக்கில் ஏறியது. அதற்குள் மண்டியில் குவிண்டாலுக்கு இருநூறு ஏறியிருந்தது. அந்தப் பணத்துக்கு நாலு குவிண்டால் வாங்க நினைத்தவள், மூன்றே முக்காலோடு நிறுத்தி லாரியில் ஏற்றினாள். குறைந்த கால் குவிண்டால் கங்காதரன் தின்ற கணக்கு என்று மூட்டை தூக்கும் ஹமாலியிடம் சொல்லிவிட்டு, முதல் மூட்டையை அவிழ்த்துச் சோளத்தைக் கையில் அள்ளிப் பார்த்தாள். தூசி இல்லை. நல்ல சோளம்.