வேப்பமரம் வரைக்கும்தான் போவார்

எங்கள் கோழிக் கொட்டகைக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம் இருந்தது. கோழி வாங்க வருகிறவர் கோபித்துக்கொண்டு கிளம்பினால் அந்த மரம் வரைக்கும்தான் போவார் என்று கண்டுபிடித்தது என் மனைவி. என்னால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. நான்தான் அவர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேனே.

தொண்ணூறுகளில் பல்லடத்துப் பக்கம் கிணறு வற்றிய தோட்டத்தில் எல்லாம் கோழிக் கொட்டகை முளைத்தது. நானும் கோயமுத்தூரில் பார்த்துக்கொண்டிருந்த மில் வேலையை விட்டுவிட்டு வந்து இரண்டாயிரம் கோழி கொள்ளும் கொட்டகை ஒன்றைப் போட்டேன். முதல் இரண்டு பேட்ச்சும் தீவனச் செலவுக்குச் சரியாகப் போயிற்று. மூன்றாவதும் அப்படியே போனால் கொட்டகையைப் பூட்டிவிட்டு மறுபடி மில்லுக்குப் போவது என்று முடிவு. போனால் ரூம் எடுத்துத் தங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைதான் வீடு. பழைய மேஸ்திரியிடம் சொல்லியும் வைத்துவிட்டேன். அன்று இரவு மனைவி என் தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

கறிக்கோழிக்கு ஆறு வாரம்தான் கணக்கு. அதற்குமேல் வைத்திருந்தால் தின்கிற தீவனத்துக்குத் தக்கபடி எடை ஏறாது. சித்திரை வெயிலில் பெரிய கோழி பொத்துப் பொத்தென்று விழும். ஆகவே அவசரம் எப்போதும் எங்களுக்குத்தான். இது வியாபாரிக்கு நன்றாகத் தெரியும். குஞ்சு விட்ட தேதியை நம்மைவிடச் சரியாக ஞாபகம் வைத்திருப்பார்.

எங்களிடம் வந்தவர்கள் இரண்டு பேர், கூட்டாளிகள். பாலக்காட்டுக்குக் கோழி ஏற்றுகிறவர்கள். ஒருவருக்குப் பெரிய மீசை, அதைவிடப் பெரிய கோபம். இன்னொருவர் எந்நேரமும் சிரித்த முகம். முதல் பேட்ச்சின்போது மீசைக்காரர் ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார், அடிமாட்டு விலை ஒன்றைச் சொன்னார், தோள் துண்டை உதறிக்கொண்டு லாரியைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே ஓடிய என்னைச் சிரிப்புக்காரர் தடுத்து, தீவன அறைக்குப் பின்னால் கூட்டிப்போய், "அண்ணா, அவரு மொரடுங்க. நான் உங்க பக்கமுங்க. கிலோவுக்கு எட்டணா சேத்திக் குடுக்கச் சொல்றேன், இப்பவே சரின்னு சொல்லிப்போடுங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு நல்ல மனிதரா என்று நினைத்து சரி என்றேன்.

இரண்டாவது பேட்ச்சுக்கும் அதே துண்டு, அதே தீவன அறை, அதே எட்டணா. எனக்கு உறைக்கவில்லை. இரண்டு தடவையும் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு உறைத்திருக்கிறது.

மூன்றாவது பேட்ச்சை ஏற்றுவதாகச் சொன்ன சனிக்கிழமை மத்தியானம், கொட்டகைக்குள் போன எனக்குப் பகீரென்றது. தீவனத் தட்டு அத்தனையையும் எடுத்து வெளியே அடுக்கியிருந்தாள். எடை போடும் வரைக்கும் தின்னவிட்டால் இரைப்பை நிறைந்து எடை கூடும். எல்லோரும் செய்வதுதான்.

"ஏனம்மணி, கூறு கெட்டுப்போச்சா? எடை போயிருமே!"

"போகட்டுங்க மாமா. தண்ணி வெச்சிருக்கறன். இன்னைக்கு நான் பேசறன், நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்."

ஏன் என்று கேட்பதற்குள் லாரி வந்துவிட்டது. லோடு ஆட்கள் குதித்து இறங்கி, வழக்கம்போலப் பெரிய இரும்புத் தராசை இரண்டு பேராகத் தூக்கிவந்து கொட்டகை வாசலில் வைத்தார்கள். பிறகு வேலியோரம் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள்.

மீசைக்காரர் ஒரு கோழியின் காலைப் பிடித்துத் தூக்கினார். "இதென்ன கோழியா, காடையா? பூராம் சளி. கிலோ இருவத்திமூணு ரூவா. இஷ்டமிருந்தாக் குடுங்க, இல்லாட்டி விடுங்க. ரண்டாம் பேச்சே கெடையாது."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "சளி இருக்கற கோழியக் காட்டுங்கண்ணா, தனியாப் புடிச்சு வெச்சர்றோம். அதை நீங்க எடுக்க வேண்டாம். பக்கத்துல ரண்டு பண்ணைக்குப் போன் பண்ணிக் கேட்டனுங்க. நேத்து இருவத்தெட்டுக்கு ஏத்தியிருக்கறாங்க. நம்முளுது எதனால அஞ்சு ரூவா கொறையுதுன்னு சொல்லுங்க. ஞாயமா இருந்தா ஒத்துக்கறோம்."

அவர் கையில் இருந்த கோழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோழியைக் கீழே விட்டுவிட்டுத் துண்டை உதறினார்.

இனி என் முறை. சிரிப்புக்காரர் என் தோளில் கை போட்டு, "அண்ணா, இப்பிடி வாங்க..." என்று ஆரம்பித்தார். என் கால் பழக்கத்தில் தீவன அறைப் பக்கம் திரும்பிவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே, "இங்கயே சொல்லுங்கண்ணா, நானுங் கேட்டுக்கறன்" என்றாள். வேறு வழியில்லாமல் எட்டணாக் கதையை எல்லோருக்கும் முன்னால் சொன்னார். வெளிச்சத்தில் அது ரொம்ப நோஞ்சானாகத் தெரிந்தது.

"நீங்க ரண்டு பேரும் ஒரே ஏவாரந்தானுங்களே? ஒருத்தரு ரண்டாம் பேச்சே இல்லைங்கறீங்க, ஒருத்தரு சேத்திக் குடுக்கறோமுங்கறீங்க. எங்குளுக்கு ஆரு பேச்சக் கேக்கறதுன்னு தெரீலீங்க. நீங்க மொதல்ல உங்களுக்குள்ள பேசி ஒரே வெலையாச் சொல்லுங்க. நான் அதுக்குள்ள காபி போட்டுக் கொண்டுட்டு வாரன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கூட்டாளிகள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேட்ச்சாக என்னை ஆட்டிவைத்தவர்கள். என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடமாக என் வீட்டில் இருந்தவள் யார் என்று அன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று தோன்றியது.

காபியைக் குடித்து முடித்ததும் மீசைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் அரை மணி நேரந்தான் நிப்போம். அன்னூர்ல ஒரு பண்ணைக்காரர் கோழிய வெச்சுட்டுக் காத்துட்டு இருக்கறாரு. அப்பறம் நீங்க கெஞ்சினாலும் லாரி நிக்காது."

"அட, பாவமே. அப்ப அவரைக் காக்க வெக்காதீங்க, மொதல்ல அங்க போய்ட்டு வாங்கண்ணா. நம்ம கோழி இங்கயேதான் இருக்கும்."

அன்னூர் பாலக்காட்டு வழியில் இல்லை, வடக்கே சுற்றிக்கொண்டு போக வேண்டும். அங்கே போய் ஏற்றிக்கொண்டு மறுபடி இங்கேயும் வந்து ஏற்றினால், மறுநாள் விடிவதற்குள் ஞாயிற்றுக்கிழமைக் கறி வியாபாரத்துக்குப் பாலக்காட்டுக் கடைகளில் இறக்கி முடிக்க முடியாது. அவசரம் அவர்களுக்கும் உண்டு என்பது அந்த நிமிடம் வரைக்கும் என் மூளைக்கு எட்டியதில்லை.

மீசைக்காரர் எழுந்தார். துண்டை உதறினார். நடந்தார். அவள் என் காதோரம், "வேப்பமரம் வரைக்குந்தானுங்க போவாரு. ரண்டு தடவையும் அங்கதான் நின்னு திரும்பிப் பாத்தாரு. நீங்க ஓடாதீங்க" என்றாள்.

நான் ஓடவில்லை. ஆனால் அவர் மரத்தில் நிற்கவில்லை. மரத்தைத் தாண்டிப் போய் லாரியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். சிரிப்புக்காரரும் சிரிப்பை மறந்து பின்னாலேயே போய் ஏறினார். இன்ஜின் உறுமியது.

மில்லின் சங்குச் சத்தம் காதில் கேட்கிற மாதிரி இருந்தது. இருபத்திமூன்றே போதும் என்று கத்திவிடலாம் என வாயைத் திறந்தேன். அவள் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளும் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி ஒரு முழம் நகர்ந்தது. பிறகு அவள் பார்வை கொட்டகை வாசலுக்குத் திரும்பியது, அங்கிருந்து வேலியோரத்துக்குப் போனது. லோடு ஆட்கள் பீடியைக்கூட அணைக்கவில்லை.

கையைக் குவித்து ரோட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ஏனுங்ணா! தராசை மறந்துட்டுப் போறீங்க! ஆளுங்களும் இங்கயே இருக்கறாங்க!"

அதில் கிண்டல் துளியும் இல்லை. விருந்தாளி செருப்பை விட்டுவிட்டுப் போனால் எப்படிக் கூப்பிடுவோமோ அப்படித்தான் கூப்பிட்டாள். வேலியோரத்தில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடியது. அப்புறம் நின்றது.

அந்த அமைதியில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோயிலில் தீபாராதனை காட்டும்போது வருமே, அது.

நானாக இருந்தால் அந்த நேரத்தில் கெக்கலி கொட்டியிருப்பேன், காரியமும் கெட்டிருக்கும். அவளோ மீசைக்காரர் தலைகுனியாமல் திரும்பி வர ஒரு வழி வைத்திருந்தாள். இறங்கி வந்தவரிடம், "அண்ணா, நீங்க சொல்றதிலயும் ஞாயம் இருக்குதுங்க. தீனி நெறைஞ்ச கோழிய ஏத்தினா வெயில்ல வழியில செத்துப்போகுது, எடையும் கழியுது. அதுக்குச் சேத்தித்தான நீங்க வெலையக் கொறைக்கறது? காலைலயே தட்டை எடுத்துட்டனுங்க. எரப்பையத் தொட்டுப் பாருங்க" என்றாள்.

அவர் ஒரு கோழியைப் பிடித்துக் கழுத்துக்குக் கீழே விரலால் அழுத்தினார். இன்னொன்றைப் பிடித்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது. கூட்டாளியைப் பார்த்து, "காலி எரப்பை. சுத்தமா இருக்குது" என்றார்.

"தீனிக் கழிவுன்னு கூண்டுக்குக் கூண்டு எடையக் கொறைக்காம, இருவத்தேழு போட்டுக்குங்கண்ணா. உங்குளுக்கும் நட்டமில்லீங்க."

எங்களை ஒரு ரூபாய் இறக்கிவிட்டதாகக் காட்டிக்கொள்ள அவருக்கு இடம் கிடைத்தது. காலி இரைப்பைக் கோழி கிடைத்தது என்று போய்ச் சொல்லிக்கொள்ளப் பெருமையும் கிடைத்தது. "எறக்குங்கடா கூண்டை" என்றார். இந்த முறை சிரித்தது மீசைக்காரர்.

பொழுது சாயும்போது கடைசிக் கூண்டும் ஏறியது. லாரி வேப்பமரத்தைத் தாண்டி நிஜமாகவே போனது. வெறும் கொட்டகை வாசலில் நானும் அவளும் நின்றோம்.

"லாரி உண்மையாலுமே போயிருந்தா என்ன பண்ணியிருப்பே அம்மணி?"

"வியாழக்கிழமை அக்காளப் பாக்கப் போறன்னு போனனில்லீங்க, உக்கடத்துல கறிக்கடை பாயப் பாத்துட்டுத்தான் வந்தன். திங்கக்கெழமை முந்நூறு எடுத்துக்கறன்னு சொன்னாருங்க."

"முந்நூறு சரி. மீதி?"

"மீதிக்கு ஒண்ணும் இல்லீங்க." ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னாள். "அந்த முந்நூறத்தான் நெனச்சு நெனச்சு நின்னுட்டு இருந்தன்."

உள்ளே போய் எனக்கும் ஒரு டம்ளர் காபி கொண்டுவந்தாள். என் கைக்கு வருவதற்குள் பாதி அவள் சேலையில் சிந்திவிட்டது. மத்தியானத்திலிருந்தே பயந்துகொண்டுதான் நின்றிருக்கிறாள். என் சட்டையை அவள் அவ்வளவு இறுக்கிப் பிடித்தது என்னை நிறுத்த மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. சும்மா முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு, "நாளைக்கே மேஸ்திரிகிட்ட வரலீன்னு சொல்லிப்போடுங்க மாமா. அப்படியே அடுத்த பேட்ச்சுக்குக் குஞ்சுக்கும் சொல்லிட்டு வந்துருங்க" என்றாள்.