கட்டில் வேணாம்னு சொன்ன கத

கண்டி பல்லேகல தையல் பெக்டரிக்காரங்க என்னை வீடு தேடி வந்து கூப்பிட்டாங்க. பொய். பதுள பஸ் ஸ்டேண்டுல ஒட்டியிருந்த போஸ்டர பாத்துட்டு நானாத்தான் போனேன். மெஷின் ஒப்பரேட்டர் வேணும், அனுபவம் உள்ளவங்களுக்கு சேரும்போது போனஸ்னு போட்டிருந்தான். அந்த சிங்கள எழுத்தையும் நான் வாசிக்கல, பக்கத்துல வட வித்தவர்தான் வாசிச்சு சொன்னாரு.

என் பிரச்சின ஒன்னே ஒன்னுதான். கண்டியில எனக்கு ஒரு நாதி இல்ல. மொத சம்பளம் வர்ற வரைக்கும் தல சாய்க்க இடம் கெடச்சா வேல, இல்லாட்டி திரும்பவும் பதுள பஸ்ஸு.

பெக்டரியில இன்டர்வியூ எடுத்தது யாழ்ப்பாணத்து மிஸ் ஒருத்தங்க. நல்லாத்தான் பேசுனாங்க. மெஷின்ல ஒரு சட்டக் கை தைக்கச் சொன்னாங்க, தச்சேன். பிடிச்சிருச்சு. கடைசியா போர்ம கையில வச்சிக்கிட்டு கேட்டாங்க.

"தங்க இடம் வேணுமோ? முதல் மாசத்துக்கு கம்பனி போர்டிங் இருக்கு."

இதுக்குத்தான் வந்தேன். ஆனா எங்க தோட்டத்து லயத்துல, யாராவது தேத்தண்ணி குடிங்கன்னா ஒடனே சரின்னா அவன் காஞ்ச மாடு. மொத தடவ வேணாம்னு சொல்லணும். ரெண்டாவது தடவ கேட்டாதான் வாங்கணும். வாய் தானா திறந்திருச்சு.

"ஐயோ மிஸ், அதெல்லாம் எதுக்கு? நாங்க எப்படியாச்சும் பாத்துக்குவோம்."

சொல்லிட்டு பல்ல காட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன், ரெண்டாவது தடவ கேப்பாங்கன்னு. மிஸ் 'சரி'ன்னு சொல்லி போர்ம்ல ஒரு கோடு இழுத்துட்டாங்க. அவ்வளவுதான். என் கட்டிலு அந்தக் கோட்டுல போச்சு. வேல லெட்டர நீட்டுனாங்க. அது முழுசும் இங்கிலீஷ். ரெண்டு தடவ தல ஆட்டி, வாசிக்கிற மாதிரி மூக்க உரசி, சைன் வச்சேன். தூ! இப்ப நெனச்சாலும் என் மூஞ்சியில நானே துப்பணும் போல இருக்கு.

எனக்குப் பொறகு பசறையில இருந்து வந்த ஒரு அக்கா போனாங்க. கதவு சரியா சாத்தல. சத்தம் நல்லா கேட்டுச்சு.

"மிஸ், ஒன்னாந்தேதி வர்றதுக்கு நான் ரெடி. வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு கம்பனியில என்ன ஏற்பாடு இருக்குன்னு சொன்னீங்கன்னா, அதுக்கு ஏத்த மாதிரி சாமானக் கட்டிக்குவேன்."

அவ்வளவுதான் கேட்டாங்க. கெஞ்சல, அதட்டல. மிஸ் ஒவ்வொன்னா சொன்னாங்க. போர்டிங்ல ஒரு மாசம் கட்டில். சாமான் ஏத்துற வேனுக்கு பில்லு கொண்டு வந்தா காசு திருப்பிக் குடுப்பாங்க. போனஸ்ல பாதி மொத சம்பளத்தோட, மீதி மூணு மாசம் நின்னா. நடுவுல விட்டுட்டுப் போனா எடுத்த பாதியையும் பிடிப்பாங்க. எல்லாம் லெட்டர்ல இருக்காம். என் கையில இருந்த அதே லெட்டர்!

வெக்கத்துல திரும்பிப் போயி கேக்கல. சம்பளத்துல தாரேன்னு சொல்லி வத்தேகம ரோட்டுல ஒரு போர்டிங் பிடிச்சேன். அந்த மெத்தைய பாத்தா வாந்தி வரும். யார் யாரோ வேர்த்த வேர்வை, அடுக்கடுக்கா மஞ்சளா. பாத்ரூம் ஓட்டையில ஆறு பேரு தலமுடி ஒன்னா சுருண்டு கெடக்கு, எலிக்குட்டி மாதிரி. தண்ணி போகாது. காலு கழுவ போனா கணுக்கால் வரைக்கும் ஊரானோட சோப்பு நுர. அதுல நின்னுக்கிட்டு 'பாத்துக்குவோம், பாத்துக்குவோம்'னு என்னையே நான் பழிச்சிக் காட்டுவேன்.

பதிமூணாவது நாளு தாங்க முடியல. மிஸ்கிட்ட போனேன். பசறை அக்கா மாதிரி கெஞ்சாம, அதட்டாம கேக்க மனப்பாடம் பண்ணிக்கிட்டுத்தான்.

"மிஸ், ஒரு விசயம் கேக்கலாமா? நான் வேலைய விட்டுட்டு போறதுக்கு கேக்கல. போர்டிங்ல எடம் இருந்தா எனக்கும் பாத்து சொல்ல முடியுமா? அன்னைக்கு வேணாம்னு சொன்னது என் பிழ."

மிஸ் நிமிந்து பாத்தாங்க.

"ஓம், அதுக்கென்ன? ஆனா முதலே சொல்லியிருக்கலாமே. நீங்கள் வேண்டாம் எண்டதால உங்கட கட்டிலை வேற ஆளுக்குக் குடுத்திட்டம்."

"மரியாதைக்கு சொன்னேன் மிஸ்."

"மரியாதையை போர்ம்ல எழுத ஏலாதே." சிரிச்சாங்க. "ஆராவது வெளிக்கிட்டா கூப்பிடுறன். உடனே வரவேணும், லிஸ்ட்ல ஆக்கள் நிக்கினம்."

அதுக்குப் பொறகு நாலு நாளு. இப்ப டீ டைம்ல கென்டீன் வாங்குப் பலகையில குந்திக்கிட்டு இத எழுதுறேன். அந்த மெத்தையில ஒரு மூட்டப்பூச்சி இருக்கு பாருங்க, அது என்ன பண்ணுச்சுன்னா, நேத்து காலையில சட்டைய போடும்போது காலர்ல...

"டேய் பதுள! எச்.ஆர் மிஸ் கூப்பிடுறாங்க! கட்டில் ஒன்னு காலியாம், ஒடனே வரட்டாம்!" கென்டீன் வாசல்ல இருந்து ஒருத்தன் கத்துறான்.

இருங்க, எனக்கு வேணும், வேணும்னு கத்திக்கிட்டே ஓடுறேன், மூட்டப்பூச்சி கத பொறகு...