சாப்பாட்டு அரைமணி

நான் வேலை பார்த்த நூற்பாலையின் டைம் ஆபீசுக்கு அந்த வருடம்தான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. எக்செல் வகுப்புக்குப் போனவள் என்பதால் வருகைக் கணக்கை என் தலையில் கட்டினார்கள். குழந்தைக்கு அப்போது எட்டு மாதம்.

பயந்ததெல்லாம் மூன்றாம் ஷிப்டுக்காகத்தான். இரவு பத்துக்கு வந்து காலை ஆறுக்குப் போகிறவர்களின் நேரத்தைக் கழித்தால் மைனஸ் வந்து கட்டம் முழுக்க #### என்று வேலிக்குறிகளாக நிற்கும். வெளியேறிய நேரம் சிறியதாக இருந்தால் அதோடு ஒரு நாளைக் கூட்டிவிட்டுக் கழிக்கும்படி மாற்றினேன். எட்டு மணிநேரம் வந்தது. சம்பளமில்லாத சாப்பாட்டு அரைமணியைக் கழித்ததும் ஏழரை. கையாலும் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்குப் போயும் சரிதானா என்று யோசித்தேன்.

மாதக் கடைசியில் பயிற்சியில் இருந்த ஒரு தொழிலாளி ஜன்னலில் வந்து நின்றார். குஜிலியம்பாறைப் பக்கத்துக்காரர். விரலில் கட்டு.

"அக்கா, நிரந்தரம் பண்ற லிஸ்ட்டுல எம் பேரு இல்ல. ஒரு நா ஆப்சென்ட்டாம். நா ஒரு நாளும் லீவு போடலையே."

தேடினேன். நூற்கும் மெஷினில் அவர் விரல் மாட்டிய இரவு அது. உள்ளே பத்து மணி, வெளியே மூன்று ஐம்பது. ஐந்து மணிநேரம் ஐம்பது நிமிடம். என் அட்டவணை அரைமணியைக் கழித்து ஐந்து இருபது என்று காட்டியது. ஐந்தரைக்குக் குறைந்தால் வரவில்லை என்று கணக்கு. ஆனால் ஆறு மணிநேரத்துக்குக் குறைந்த வேலைக்குச் சாப்பாட்டு நேரம் கழிக்கக்கூடாது என்பதும் ஆலை விதிதான். நள்ளிரவையே பார்த்துக்கொண்டிருந்த நான் அதைச் சேர்க்கவில்லை. அந்த மனிதர் அன்றைக்குச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை.

மேனேஜரிடம் போனேன்.

"கம்ப்யூட்டர் போட்டதும்மா. லிஸ்ட்டு முதலாளிகிட்டப் போயிருச்சு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"கம்ப்யூட்டர் போடல சார். நான் போட்டேன்."

"அதுக்கு இப்ப என்னங்குற? அம்புட்டுப் பேருக்கும் இப்படிப் பாத்தா ஆலை ஓடுமா? போம்மா, புள்ளைக்கு நேரமாச்சு."

என் பிள்ளையை அவர் இழுத்ததில் உடம்பு பற்றி எரிந்தது. விரலைக் கொடுத்தவனுக்கு ஒரு வருடம் தள்ளிப் போடுவது அவருக்கு அத்தனை லேசு. ஆறு மணிநேரத்துக்குக் குறைந்தால் கழிக்காதே என்று சூத்திரத்தைத் திருத்தி, மாதம் முழுவதையும் மறுபடி அச்செடுத்தேன். வேறு யாருடைய நாளும் மாறவில்லை. அவருக்கு மட்டும் ஐந்து ஐம்பது, வந்திருக்கிறார். தாளை மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"சரி, ஒன் தப்புன்னு எழுதிக் குடு. இத அனுப்பிச்சிர்றேன்."

வேலை போய்விடுமோ என்று பயமாக இருந்தது. இருந்தாலும் எழுதினேன்: அட்டவணையைத் தவறாக அமைத்தது நான். அதைச் சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டது மேனேஜர்.

அவர் இரண்டு முறை படித்தார். பிறகு என் தாளை மட்டும் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, புதிய அச்சுத்தாளில் கையெழுத்துப் போட்டார்.